ஒரு டையோடு ஒளிர்கிறது, இன்னொன்று ஏன் ஒளிர்வதில்லை? நேரடி, மறைமுகப் பட்டை இடைவெளி பற்றி

எலக்ட்ரானிக்ஸ் கடையில் 1N4007 என்று கேட்டால், கறுப்பு உடம்பில் ஒரு ஓரமாக வெள்ளிக் கோடு போட்ட சின்ன டையோடு ஒன்றை எடுத்துத் தருவார்கள். பக்கத்து டப்பாவில் சிவப்பு எல்.இ.டி. இருக்கும். இரண்டையும் திறந்து பார்க்க முடிந்தால் உள்ளே இருப்பது ஒரே வகை அமைப்புதான்: எலக்ட்ரான்கள் மிகுந்த என் பகுதி, துளைகள் மிகுந்த பி பகுதி, நடுவே பி-என் சந்தி. முன்னோக்குச் சார்பில் மின்னோட்டம் கொடுத்தால் இரண்டிலும் நடப்பதும் ஒன்றே. எலக்ட்ரான்களும் துளைகளும் சந்தியருகே எதிர்ப்பட்டு இணைகின்றன. ஆனால் எல்.இ.டி. ஒளிர்கிறது, 1N4007 சூடாக மட்டும் ஆகிறது.

கறுப்பு உறைதான் ஒளியை மறைக்கிறதோ என்று தோன்றலாம். இல்லை. கண்ணாடி உறை போட்ட சிலிக்கான் டையோடுகளும் கடையில் கிடைக்கும், அவையும் ஒளிர்வதில்லை. வித்தியாசம் உள்ளே இருக்கும் படிகத்தில் இருக்கிறது. 1N4007 சிலிக்கானால் ஆனது. பழைய வகைச் சிவப்பு எல்.இ.டி. காலியம், ஆர்சனிக், பாஸ்பரஸ் மூன்றும் கலந்த படிகம். அந்தச் சிவப்பு எல்.இ.டி.யில்தான் இந்த விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதால், சுற்றிவிட்டு அங்கேயே வருவோம்.

ஆற்றல் மட்டும் போதாது

பள்ளிப் பாடத்தில் படித்ததை நினைவுபடுத்திக்கொள்வோம். குறைகடத்தியில் எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் நிலைகள் இரண்டு பட்டைகளாகப் பிரிந்திருக்கின்றன. கீழே இணைதிறன் பட்டை, மேலே கடத்து பட்டை. நடுவில் எந்த நிலையும் இல்லாத ஓர் இடைவெளி. மேல் பட்டையிலிருக்கும் எலக்ட்ரான் கீழ்ப் பட்டையிலுள்ள வெற்றிடத்தில், அதாவது துளையில், விழும்போது இடைவெளி அளவுக்கு ஆற்றல் மிச்சமாகிறது. அந்த ஆற்றல் ஒரு ஃபோட்டானாக வெளியே போனால் அது ஒளி.

ஃபோட்டானின் நிறத்தைக் கணக்கிடுவது எளிது. 1240 என்ற எண்ணை எலக்ட்ரான் வோல்ட்டில் உள்ள இடைவெளியால் வகுத்தால், நானோமீட்டரில் அலைநீளம் கிடைத்துவிடும். காலியம் ஆர்சனைடின் இடைவெளி 1.42 எலக்ட்ரான் வோல்ட். வகுத்தால் சுமார் 870 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. டி.வி. ரிமோட்டின் முனையிலிருந்து வருவதும் இந்த வட்டாரத்து ஒளிதான். சிலிக்கானின் இடைவெளி 1.12. வகுத்தால் சுமார் 1,107 நானோமீட்டர், இதுவும் அகச்சிவப்பு.

சரி, அப்படியானால் சிலிக்கான் டையோடும் அகச்சிவப்பில் பளிச்சென்று ஒளிர வேண்டுமே? கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கேமராவுக்காவது தெரிய வேண்டும். ஆனால் அதிலிருந்து வரும் ஒளி மிக மிகக் குறைவு. இடைவெளியின் அளவை மட்டும் வைத்து இதை விளக்கவே முடியாது. அளவில் ரொம்பத் தள்ளி இல்லாத இரண்டு இடைவெளிகள், ஆனால் ஒளியில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இங்கே இன்னொரு கணக்கு குறுக்கே வருகிறது. அது உந்தம்.

படிகத்துக்குள் எலக்ட்ரான் ஓர் அலையாகப் பரவியிருக்கிறது. அலைநீளம் எவ்வளவு குட்டையோ, உந்தம் அவ்வளவு அதிகம். ஆகவே ஒவ்வொரு எலக்ட்ரான் நிலைக்கும் ஆற்றல், உந்தம் என்று இரண்டு எண்கள் உண்டு. கறாராகச் சொன்னால் இது படிக உந்தம். அணுக்களின் ஒழுங்கான அடுக்கோடு சேர்த்து வரையறுத்த ஒன்று. நம் கணக்குக்கு உந்தம் என்றே வைத்துக்கொள்ளலாம். உந்தத்தைக் கிடைமட்டமாகவும் ஆற்றலைச் செங்குத்தாகவும் குறித்து வரைந்தால் பட்டைகள் இனி நேர்கோடுகளாக இருக்காது, மேடும் பள்ளமுமாக இருக்கும். கீழ்ப் பட்டையின் உச்சி, நாம் இங்கே பேசும் எல்லாப் படிகங்களிலும், உந்தம் பூஜ்யமாக இருக்கும் நடு இடத்தில் இருக்கிறது. துளைகள் அந்த உச்சியில்தான் கூடுகின்றன. மேல் பட்டையில் எலக்ட்ரான்கள் எது மிக ஆழமான பள்ளமோ அதில் போய்த் தங்கும். அந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

காலியம் ஆர்சனைடில் அது உச்சிக்கு நேர் மேலே, நடுவிலேயே இருக்கிறது. இதை நேரடிப் பட்டை இடைவெளி என்கிறோம். சிலிக்கானில் நடுவில் ஆழமான பள்ளம் கிடையாது. ஆழமான பள்ளம் வெகுதூரம் தள்ளி, வரைபடத்தின் ஓரத்தை நெருங்கி இருக்கிறது. நடுவிலிருந்து ஓரம் வரையுள்ள தூரத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் தள்ளி. இது மறைமுகப் பட்டை இடைவெளி. சிலிக்கானில் நடு இடத்திலேயே நேர் மேலே போனால் முதல் நிலை சுமார் 3.4 எலக்ட்ரான் வோல்ட் உயரத்தில்தான் வரும். அவ்வளவு மேலே எலக்ட்ரான்கள் தங்குவதே இல்லை, வழிந்து ஓரப் பள்ளத்துக்குப் போய்விடுகின்றன.

கிணற்றுக்கு நேர் மேலே சாய்ந்து நிற்கும் தென்னையிலிருந்து காய் விழுந்தால் அது தானாகக் கிணற்றில் விழும். மரம் பத்தடி தள்ளி நின்றால், விழும் வழியில் யாராவது காயைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டால்தான் கிணற்றுக்குள் போகும். இந்தப் படத்தில் பக்கவாட்டுத் தூரம் என்பது இடத்தின் தூரம் அல்ல, உந்தத்தின் தூரம். அதை மட்டும் மறந்துவிடாதீர்கள். பல பேர் குழம்புவது அங்கேதான். சிலிக்கானில் எலக்ட்ரானும் துளையும் ஒரே இடத்தில் அருகருகே இருக்கலாம். உந்தத்தில்தான் அவை தொலைவில் இருக்கின்றன.

ஃபோட்டானால் ஏன் தள்ள முடியாது

ஃபோட்டானுக்கும் உந்தம் உண்டு. அப்படியிருக்க, வெளியேறும் ஃபோட்டானே அந்த மிச்ச உந்தத்தை எடுத்துக்கொண்டு போகக் கூடாதா? அளவைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். உந்தம் அலைநீளத்துக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால் இரண்டு அலைநீளங்களை ஒப்பிட்டால் போதும்.

சிலிக்கான் படிகத்தின் அடிப்படை அலகு 0.543 நானோமீட்டர் அகலம். ஓரப் பள்ளத்தில் இருக்கும் எலக்ட்ரானின் அலைநீளம் இந்த அகலத்தை 0.85 ஆல் வகுத்தது, அதாவது சுமார் 0.64 நானோமீட்டர். ஃபோட்டானின் அலைநீளமோ 1,107 நானோமீட்டர். வகுத்துப் பார்த்தால் எலக்ட்ரான் கழித்துக்கட்ட வேண்டிய உந்தம் ஃபோட்டானின் உந்தத்தைப் போல ஏறத்தாழ 1,700 மடங்கு. வரைபடத்தில் ஃபோட்டானின் உந்தத்தைக் குறிக்கப் போனால் பென்சில் முனையின் தடிமனைக்கூட எட்டாது. அதனால்தான் ஒளி உமிழும் தாவலை வரைபடத்தில் எப்போதும் நேர் செங்குத்து அம்பாகப் போடுகிறார்கள். ஒளி ஆற்றலை அள்ளிக்கொண்டு போகும், உந்தத்தைத் தொடவே தொடாது.

உந்தத்தை எடுத்துக்கொள்ள வேறொன்று இருக்கிறது: படிகத்தின் அணுக்கள் அதிரும் அதிர்வு. அந்த அதிர்வின் ஓர் அலகை ஃபோனான் என்கிறோம். அதன் குணம் ஃபோட்டானுக்கு நேர் எதிர். அணு இடைவெளி அளவுக்குக் குட்டையான அலை என்பதால் உந்தம் நிறைய, ஆற்றலோ சொற்பம். சிலிக்கானில் இந்த வேலைக்குப் பெரும்பாலும் உதவும் ஃபோனானின் ஆற்றல் சுமார் 0.058 எலக்ட்ரான் வோல்ட்தான். ஆக மறைமுக இடைவெளியிலும் ஒளி வரலாம். எலக்ட்ரான் கீழே விழும் அந்த ஒரே நிகழ்வில் ஆற்றலின் பெரும்பகுதியை ஃபோட்டானும் உந்தத்தை ஃபோனானும் எடுத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். ஆனால் எலக்ட்ரான், துளை இரண்டு மட்டும் சேர்ந்து ஒரு ஃபோட்டானைத் தரும் நிகழ்வைவிட, கூடவே ஒரு ஃபோனானும் சேர வேண்டிய நிகழ்வு மிக அரிது.

மறைமுகக் குறைகடத்தியில் ஆற்றல் முழுவதும் ஃபோனானாக, அதாவது வெப்பமாக, மாறிவிடுகிறது, அதனால் ஒளி வருவதில்லை என்று பல குறிப்புகளில் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். இது பாதி உண்மை. ஒரு ஃபோனானால் 0.058 எலக்ட்ரான் வோல்ட்தான் தாங்க முடியும். 1.12ஐயும் அப்படியே ஃபோனான்களாகக் கொட்ட வேண்டுமென்றால் ஒரே நேரத்தில் இருபது ஃபோனான் வேண்டும். சுத்தமான படிகத்தில் அது நடக்காது. உண்மையில் வெப்பமாகப் போவது வேறு வழியில். படிகத்தில் எங்கோ இருக்கும் குறை, இடம் தவறிய அணு, இரும்பு போன்ற மாசு, இவை இடைவெளியின் நடுவே ஒரு படி போல ஒரு நிலையை உண்டாக்கிவிடும். எலக்ட்ரான் அந்தப் படியில் சிக்கி, அங்கிருந்து துளைக்கு இறங்கிவிடும். ஒளி வருமா வராதா என்பதை இந்தக் குறை வழிக்கும் ஒளி வழிக்கும் நடக்கும் ஓட்டப்பந்தயம் தீர்மானிக்கிறது.

பந்தயத்துக்கு எண்கள் போட்டுப் பார்ப்போம். ஒரு கன சென்டிமீட்டரில் 10^17 எலக்ட்ரான்களும் அதே அளவு துளைகளும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓடும் நிலையில் உள்ள எல்.இ.டி.க்கு இது இயல்பான அளவு. காலியம் ஆர்சனைடில் ஓர் எலக்ட்ரான் ஒளி வழியில் இணைய ஆகும் சராசரி நேரம் சுமார் 15 நானோ வினாடி. அதே அடர்த்தியில் சிலிக்கானுக்கு அது சுமார் 2 மில்லி வினாடி. ஒரு லட்சம் மடங்குக்கு மேல் மெதுவு.

குறை வழிக்கு ஆகும் நேரம் படிகத்தின் சுத்தத்தைப் பொறுத்தது. காலியம் ஆர்சனைடில் 100 நானோ வினாடி என்று வைப்போம். ஒளி 15, குறை 100. வேகமானது ஒளி, எனவே நூற்றுக்கு 87 எலக்ட்ரான்கள் ஒளியாகிவிடும். சிலிக்கானுக்குத் தாராளமாக 10 மைக்ரோ வினாடி கொடுப்போம், காலியம் ஆர்சனைடைப் போல நூறு மடங்கு. அப்படியும் ஒளி வழிக்கு 2,000 மைக்ரோ வினாடி வேண்டும். இருநூறில் ஒன்றுதான் ஒளியாகும், அதாவது அரை சதவீதம். அந்த அரை சதவீதத்திலும் பெரும்பகுதி படிகத்தின் உட்பரப்பில் மோதித் திரும்பி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். தட்டையான சிலிக்கான் பரப்பு ஒன்றின் வழியே வெளியே தப்புவது நூற்றுக்கு இரண்டு போலத்தான். 1N4007 ஏன் இருட்டாக இருக்கிறது என்பதற்கு இதுதான் கணக்கு.

குறைகளையே ஒழித்துவிட்டால்? சிலிக்கான் உலகிலேயே மிகச் சுத்தமாக வளர்க்கப்படும் படிகங்களில் ஒன்று. குறை வழியை மில்லி வினாடிகளுக்குத் தள்ளவும் முடியும். ஆனால் அப்போது மூன்றாவது வழி ஒன்று தலைகாட்டுகிறது. விழும் எலக்ட்ரான் தன் ஆற்றலை ஒளியாக்காமல் பக்கத்து எலக்ட்ரானிடம் கொடுத்துவிடும். இதை ஓஜே இணைவு என்பார்கள். நாம் எடுத்த அடர்த்தியில் சிலிக்கானில் இதற்கு ஆகும் நேரம் சுமார் 250 மைக்ரோ வினாடி, ஒளி வழியைவிட எட்டு மடங்கு வேகம். எவ்வளவு சுத்தப்படுத்தினாலும் இது போகாது. ஆக இந்த அடர்த்தியில் குறையே இல்லாத சிலிக்கானிலும் ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல் ஒளியாகாது. 2001-ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீனின் குழு, உயர்தரச் சூரிய மின்கலத்துக்கான சிலிக்கான் நுட்பத்தையே எடுத்து, மேற்பரப்பில் நுண்ணிய பிரமிடு வடிவங்களைக் குடைந்து ஒளி தப்ப வழி செய்து, மின்சக்தியில் ஏறத்தாழ 1 சதவீதத்தை ஒளியாக்கிக் காட்டியது. சிலிக்கானுக்கு அது பெரிய எண்.

பாஸ்பரஸைக் கூட்டிக்கொண்டே போனால்

இப்போது அந்தச் சிவப்பு எல்.இ.டி.க்கு வருவோம். 1962-ல் காலியம் ஆர்சனைடு நன்றாக அகச்சிவப்பு ஒளி தரும் என்பது தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சிரக்யூஸ் ஆய்வகத்தில் இருந்த நிக் ஹொலோன்யாக்குக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளி வேண்டும். காலியம் பாஸ்பைடின் இடைவெளி பெரியது, 2.26 எலக்ட்ரான் வோல்ட். எனவே ஆர்சனிக்கில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பாஸ்பரஸைப் போட்டால் இடைவெளி விரிந்து ஒளி சிவப்புப் பக்கம் நகரும். அவர் அந்தக் கலவைப் படிகத்தை வளர்த்து, அதே ஆண்டு அக்டோபரில் சிவப்பு ஒளியைக் கண்டார்.

எளிய யோசனைதானே, பாஸ்பரஸை இன்னும் கூட்டினால் மஞ்சளும் பச்சையும் வந்துவிடாதா? வராது. காலியம் பாஸ்பைடு மறைமுக இடைவெளிப் படிகம். கலவையில் எங்கேயோ ஓரிடத்தில் நேரடி மறைமுகமாக மாறியாக வேண்டும். அந்த இடத்தை நாமே கணக்கிடலாம்.

காலியம் ஆர்சனைடின் கடத்து பட்டையில் நடுப்பள்ளம் 1.42-ல் இருக்கிறது என்றோம். அதிலும் ஓர் ஓரப் பள்ளம் உண்டு, 1.90 உயரத்தில். நடுப்பள்ளம் தாழ்வாக இருப்பதால் எலக்ட்ரான்கள் அங்கேயே தங்குகின்றன, ஓரப் பள்ளத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. காலியம் பாஸ்பைடில் நடுப்பள்ளம் 2.78-க்கு ஏறிவிட்டது, ஓரப் பள்ளம் 2.26 தான். அதாவது பாஸ்பரஸைக் கூட்டக் கூட்ட இரண்டு பள்ளங்களும் உயர்கின்றன, ஆனால் நடுப்பள்ளம் வெகு வேகமாக உயர்கிறது. முழுதும் மாற்றினால் நடுப்பள்ளம் 1.36 ஏறும், ஓரப் பள்ளம் 0.36 மட்டும். பாஸ்பரஸின் பங்கை x என்று வைத்து இரண்டும் சமமாகும் இடத்தைத் தேடினால்:

```
1.42 + 1.36x = 1.90 + 0.36x
x = 0.48
```

பாதிக்குச் சற்றுக் குறைவு. உண்மையில் இவை நேர்கோடுகள் அல்ல, கொஞ்சம் தொய்ந்த வளைவுகள். அதனால் அளவீடுகள் 45 முதல் 50 சதவீதம் வரை சொல்கின்றன, அங்கே இடைவெளி 2 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி இருக்கும். நிறத்தில் அது ஆரஞ்சு கலந்த சிவப்பு. அதைத் தாண்டினால் எலக்ட்ரான்கள் ஓரப் பள்ளத்துக்குக் குடிபெயர்ந்துவிடும், ஒளி படுத்துவிடும்.

விற்பனைக்கு வந்த சிவப்பு எல்.இ.டி.களில் பாஸ்பரஸ் பங்கு 40 சதவீதம் அளவில் நின்றது. 48 வரை போகலாமே, ஏன் 40-லேயே நின்றார்கள்? 40-ல் கணக்குப்படி நடுப்பள்ளம் 1.96, ஓரப் பள்ளம் 2.04. வித்தியாசம் 0.08 தான். அறை வெப்பநிலையில் எலக்ட்ரான்களின் வெப்ப ஆற்றல் சுமார் 0.026 எலக்ட்ரான் வோல்ட். அதனால் சில எலக்ட்ரான்கள் அந்த 0.08 மேட்டை ஏறி ஓரப் பள்ளத்துக்குப் போய்விடும். போகும் வாய்ப்பு குறைவுதான், ஆனால் ஓரப் பள்ளம் ஒன்றல்ல, வெவ்வேறு திசைகளில் பல உண்டு. ஒவ்வொன்றும் நடுப்பள்ளத்தைவிட அகலம். எலக்ட்ரான் இருக்கக்கூடிய நிலைகள் அங்கே பல பத்து மடங்கு அதிகம். அதனால் கோடு தாண்டுவதற்கு வெகு முன்பே எலக்ட்ரான்களில் கணிசமான பங்கு ஒளி தராத பக்கம் வழிந்துவிடுகிறது. நேரடி, மறைமுகம் என்று கோடு போட்டுப் பிரித்துப் படிக்கிறோமே தவிர, சந்தியில் எலக்ட்ரான்களுக்கு அப்படிக் கறாரான கோடு எதுவும் கிடையாது.

எதிர்ப் பக்கம் இழுத்தது மனிதக் கண். அலைநீளம் குறைய குறைய, சிவப்பிலிருந்து பச்சையை நோக்கி வர வர, கண்ணின் கூர்மை வேகமாக ஏறும். பாஸ்பரஸைக் குறைத்தால் ஒளி நிறைய வரும், கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். கூட்டினால் கண்ணுக்கு நல்லது, ஒளியே குறையும். இரண்டும் சமரசமாகும் இடம் 40 சதவீதம், 650 நானோமீட்டர். மான்சான்டோ நிறுவனம் 1968-ல் இவற்றைப் பெரிய அளவில் விற்கத் தொடங்கியது. 1970களின் கால்குலேட்டர்களிலும் முதல் டிஜிட்டல் கைக்கடிகாரங்களிலும் எண்கள் சிவப்பாகவே இருந்ததற்கு இதுதான் காரணம். அழகுக்காக யாரும் சிவப்பைத் தேர்ந்தெடுக்கவில்லை.

நைட்ரஜன் செய்த தந்திரம்

ஆனால் பச்சை எல்.இ.டி.யும் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டதே? பழைய ரேடியோ, ஸ்டெபிலைசர் போன்றவற்றில் கொஞ்சம் மஞ்சள் சாயலோடு எரியும் பச்சை விளக்கு பலருக்கு நினைவிருக்கும். அது காலியம் பாஸ்பைடு. மறைமுக இடைவெளிதான், இருந்தும் ஒளிர்ந்தது. எனக்கு இந்தத் துறையில் ரொம்பப் பிடித்த பகுதி இது.

காலியம் பாஸ்பைடை வளர்க்கும்போது கொஞ்சம் நைட்ரஜனைக் கலப்பார்கள். நைட்ரஜன் அணு பாஸ்பரஸ் இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்காரும். தனிம அட்டவணையில் இரண்டும் ஒரே தொகுதி, வெளி எலக்ட்ரான்கள் இரண்டுக்கும் ஐந்து. ஆகவே நைட்ரஜன் எலக்ட்ரான் எதையும் கூடுதலாகத் தருவதுமில்லை, குறைப்பதுமில்லை. ஆனால் அது பாஸ்பரஸைவிடச் சிறிய அணு, எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் குணம் அதிகம். அந்தப் பக்கமாக வரும் எலக்ட்ரானைப் பிடித்துத் தன்னைச் சுற்றி மிகக் குறுகிய இடத்துக்குள் கட்டிவைத்துவிடும்.

இங்கே ஹைசன்பர்க் உதவிக்கு வருகிறார். ஒரு துகளின் இடம் எவ்வளவு குறுகலாகத் தெரிகிறதோ, அதன் உந்தம் அவ்வளவு பரந்து கிடக்கும். ஓரப் பள்ளத்தில் சும்மா திரிந்த எலக்ட்ரானுக்கு உந்தம் ஓரத்தில் ஒரு குறிப்பிட்ட மதிப்பு. ஓர் அணுவைச் சுற்றி இறுகக் கட்டியதும் அந்த உந்தம் வரைபடம் முழுவதும் பரவிவிடுகிறது. பரவியதில் ஒரு சிறு பங்கு நடு இடத்திலும், உந்தம் பூஜ்யத்திலும், விழுகிறது. அந்தப் பங்கு போதும். துளைக்கு நேர் மேலே எலக்ட்ரானின் ஒரு சாயல் வந்துவிட்டது, ஃபோனானின் உதவி இல்லாமலே ஒளி வரலாம்.

மற்ற குறைகள் ஒளியைக் கெடுக்கும்போது நைட்ரஜன் மட்டும் ஏன் ஒளி தருகிறது? அது உண்டாக்கும் நிலை இடைவெளியின் நடுவில் இல்லை, கடத்து பட்டைக்குச் சற்றே கீழே இருக்கிறது. எலக்ட்ரான் அங்கிருந்து இன்னும் இடைவெளியின் பெரும்பகுதியைக் கடந்தாக வேண்டும். அதனால் வெளிவரும் ஃபோட்டானும் ஏறக்குறைய முழு ஆற்றலோடு, 565 நானோமீட்டர் அளவில், மஞ்சள் சாயல் கொண்ட பச்சையாக வருகிறது.

திறன் என்று பார்த்தால் ரொம்பச் சுமார், ஒரு சதவீதத்துக்கும் கீழ். ஆனால் கண் மிகக் கூர்மையாக இருப்பது 555 நானோமீட்டரில், 565 அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 650 நானோமீட்டர் சிவப்பைவிடக் கண் இதைச் சுமார் ஒன்பது மடங்கு நன்றாக உணரும். ஒளி குறைவாக இருந்தும் விளக்கு விற்பனையானது அதனால்தான். ஹொலோன்யாக்கின் மாணவர் ஜார்ஜ் கிராஃபோர்டு மான்சான்டோவில் இதே நைட்ரஜனைக் காலியம் ஆர்சனைடு-பாஸ்பைடு கலவையில் போட்டு, கோடு தாண்டிய மறைமுகப் பகுதியிலேயே 1972-ல் மஞ்சள் எல்.இ.டி. செய்தார்.

இன்றைய பளிச்சென்ற எல்.இ.டி.கள் இந்தத் தந்திரத்தை நம்பியிருக்கவில்லை. நீலமும் பச்சையும் நேரடி இடைவெளி கொண்ட காலியம் நைட்ரைடில் இன்டியம் கலந்து வருகின்றன, சிவப்பு அலுமினியம், காலியம், இன்டியம், பாஸ்பரஸ் நான்கும் சேர்ந்த கலவையில். அந்தச் சிவப்புக் கலவையிலும் அலுமினியத்தைக் கூட்டிக்கொண்டே போனால் சுத்தப் பச்சை வருவதற்குள் ஓரப் பள்ளம் முந்திக்கொள்ளும். நாம் மேலே போட்ட அதே கணக்கு, வேறு எண்களோடு.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு படிகத்தைக் கையில் கொடுத்து நேரடியா மறைமுகமா என்று கேட்டால், அது ஒளியை எப்படி விழுங்குகிறது என்று பார்த்தாலே சொல்லிவிடலாம். உமிழ்வதும் விழுங்குவதும் ஒரே தாவலின் இரு திசைகள். உமிழச் சிரமப்படும் படிகம் விழுங்கவும் சிரமப்படும். காலியம் ஆர்சனைடில் 850 நானோமீட்டர் ஒளியைச் செலுத்துங்கள். இடைவெளியைவிட அதன் ஆற்றல் 0.04-க்கும் குறைவாகவே அதிகம், ஆனால் ஒரு மைக்ரோமீட்டர் ஆழத்திலேயே பெரும்பகுதி விழுங்கப்பட்டுவிடும். சிலிக்கானில் 1,000 நானோமீட்டர் ஒளியைச் செலுத்துங்கள். இடைவெளியைவிட 0.12 அதிகம், மூன்று மடங்கு தாராளம். அப்படியும் அது 150 மைக்ரோமீட்டருக்கு மேல் உள்ளே போகும். சிலிக்கானின் விழுங்கல் விளிம்பில் மெல்ல மெல்ல ஏறும், காலியம் ஆர்சனைடுடையது சுவர் போல எழும்பும்.

சூரியத் தகடுகளில் சிலிக்கான் வில்லைகளை 150 மைக்ரோமீட்டர் அளவுக்குத் தடிமனாகப் போட வேண்டியிருப்பதும், காலியம் ஆர்சனைடுக்குச் சில மைக்ரோமீட்டர் படலமே போதுமாக இருப்பதும் இதனால்தான். ஆனால் சூரிய மின்கலத்தில் சிலிக்கானுக்கு மறைமுக இடைவெளியால் ஒரு லாபமும் உண்டு. எலக்ட்ரான் ஒளி வழியில் அவசரப்பட்டு இணைந்து தொலையாது. படிகம் சுத்தமாக இருந்தால் மில்லி வினாடிக்கணக்கில் உயிரோடு இருக்கும், அத்தனை தடிமனையும் கடந்து மின்முனைக்குப் போய்ச் சேர அதற்கு நேரம் கிடைக்கிறது.

அந்தத் தகடுகளைத் தயாரிக்கும் ஆலைகளில் சிலிக்கானின் அந்த மங்கலான ஒளியே சோதனைக் கருவியாகவும் பயன்படுகிறது. இருட்டறையில் தகட்டை வைத்து, வெயிலில் வேலை செய்வதற்கு நேர்மாறாக, வெளியிலிருந்து முன்னோக்குச் சார்பில் மின்னோட்டம் செலுத்துவார்கள். தகடு முழுவதும் ஒரு பெரிய, மோசமான எல்.இ.டி. ஆகிவிடும். வரும் ஒளி 1,107-ல் அல்ல, 1,130 முதல் 1,150 நானோமீட்டர் பக்கம் உச்சம் கொள்கிறது, ஏனென்றால் ஃபோனான் தன் பங்கை எடுத்துக்கொண்டுவிட்டது. அகச்சிவப்புக் கேமராவைச் சில வினாடி திறந்து வைத்தால் படம் பதிந்துவிடும். எலக்ட்ரான்கள் நெடுநேரம் உயிரோடு இருக்கும் நல்ல பகுதிகள் வெளிச்சமாகத் தெரியும். மின்னோட்டம் போய்ச் சேராத விரிசலும், குறை வழி வென்றுவிட்ட மாசுப் பகுதியும் கறுப்பாகத் தெரியும். கண்ணால் பார்த்தால் தெரியாத மயிரிழை விரிசலைக்கூட இந்தப் படத்தில் பிடித்து, அந்தத் தகட்டை ஒதுக்கிவைப்பார்கள்.